தொகுதி முறையும் விகிதாசார முறையும்: இரு கரைகளிலிருந்தும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது திருச்சி. மனைவியின் வீட்டார் யாழ்ப்பாணம். தேர்தல் முடிவு வரும் நாளில் இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வரும். இங்கே இருப்பவர்களுக்கு அங்கே ஆசனம் பிரிக்கும் கணக்கு புரியாது, அங்கே இருப்பவர்களுக்கு இங்கே ஒரு கட்சி மொத்தத்தையும் அள்ளுவது புரியாது. வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் பின்னால் வரும் கணக்குகள் எளிதாக இருக்கும்.

"தொகுதி முறை, விகிதாசார முறைன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க."

தொகுதி முறையில் ஒரு தொகுதிக்கு ஒரே ஓர் ஆசனம். போட்டியிட்டவர்களில் யாருக்கு அதிக வாக்கோ அவருக்கு அது போகும். பாதி வாக்கு வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அடுத்தவரைவிட ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும். இந்தியாவில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் இதுதான் முறை.

விகிதாசார முறையில் ஓர் இடத்துக்குப் பல ஆசனங்கள். கட்சிகள் வாங்கிய வாக்கின் பங்குக்கு ஏற்ப அவை பிரிக்கப்படும். இலங்கை நாடாளுமன்றத்தில் 225 ஆசனங்கள். அவற்றில் 196 ஆசனங்கள் 22 தேர்தல் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. மீதி 29 தேசியப் பட்டியல், நாடு முழுவதும் கட்சிகள் வாங்கிய வாக்கைப் பார்த்துக் கொடுப்பது.

"24 சதவீதம் ஓட்டு வாங்கியும் ஒரு சீட் கூட இல்லையாமே. எண்ணினதுல ஏதாவது தப்பா?"

தப்பு எதுவும் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 45 சதவீத வாக்கு வாங்கி, 39 தொகுதிகளில் 37-ஐ வென்றது. தி.மு.க. சுமார் 24 சதவீதம் வாங்கியும் ஒரு தொகுதியும் கிடைக்கவில்லை. பத்து வருடம் கழித்து, 2024-இல், நிலைமை அப்படியே திரும்பியது. தி.மு.க. கூட்டணி சுமார் 47 சதவீதத்தில் 39-ஐயும் எடுத்தது, சுமார் 20 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்குப் பூஜ்யம்.

ஒரு தொகுதியில் இரண்டாவதாக வந்தவரின் வாக்கு பக்கத்துத் தொகுதிக்குப் போய்ச் சேராது. அந்தத் தொகுதியோடு அதன் கணக்கு முடிந்துவிடும். மாநிலம் முழுக்க ஒரே சீராக 24 சதவீதம் வாங்கும் கட்சி எல்லா இடத்திலும் இரண்டாவதாக வரலாம், எங்கேயும் முதலாவதாக வராமலே போகலாம். அதனால் தொகுதி முறையில் எத்தனை வாக்கு என்பதோடு, அந்த வாக்கு எங்கே குவிந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

"அப்ப 50 சதவீதத்துக்கு மேல வாங்கினாத்தான் ஜெயிப்புன்னு வச்சிட்டா சரியாயிடுமே?"

அது வேறொரு குறையைத்தான் தீர்க்கும். பிரான்ஸில் அப்படித்தான் செய்கிறார்கள்: முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் இரண்டாவது சுற்று நடக்கும். வென்றவருக்குப் பின்னால் கூடுதலான ஆதரவு இருப்பதை அது உறுதி செய்யலாம். ஆனால் தொகுதிக்கு ஓர் ஆசனம் என்பது மாறவில்லையே. முந்தைய பதிலில் சொன்ன 24 சதவீதக் கட்சி இரண்டாவது சுற்றிலும் எல்லா இடத்திலும் தோற்கலாம்.

"இலங்கையும் முந்தி தொகுதி முறையிலைதானே இருந்தது? ஏன் மாத்தினவை?"

இரண்டு தேர்தல் முடிவுகள் அதற்கு முக்கியக் காரணம். 1970-இல் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 38 சதவீத வாக்கு வாங்கியது, தேர்ந்தெடுக்கப்படும் 151 ஆசனங்களில் கிடைத்தது 17. அதைவிடச் சற்றுக் குறைவாக, சுமார் 37 சதவீதம் வாங்கிய சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 91. இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அநியாயம்: சுதந்திரக் கட்சி இடதுசாரிக் கட்சிகளோடு கூட்டணி வைத்துப் பல தொகுதிகளை விட்டுக் கொடுத்திருந்தது, அதனால்தான் அதன் தனி வாக்கு குறைவாகத் தெரிகிறது. கூட்டணியாகப் பார்த்தால் சுமார் 49 சதவீதம், 116 ஆசனங்கள். அப்படிப் பார்த்தாலும் 38 சதவீதத்துக்கு 17 ஆசனம் என்பது மிகப் பெரிய சரிவுதான்.

1977-இல் அதுவே மறுபக்கம் சாய்ந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சுமார் 51 சதவீதம், 168-இல் 140 ஆசனங்கள். சுமார் 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. கிடைத்த ஆறில் ஐந்து பங்கு பலத்தை வைத்து ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்த்தன 1978-இல் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். விகிதாசார முறை வந்தது அதில்தான். 1982-இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி இருக்கிற நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள், அதனால் புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989-இல்தான் நடந்தது.

"யாழ்ப்பாணத்திலை கால்வாசி வாக்கு எடுத்த கட்சிக்கு அரைவாசி ஆசனம். இதுவோ விகிதாசாரம்?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், எனவே நிதானமாகப் பார்ப்போம். 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். செல்லுபடியான வாக்குகள் சுமார் 3,25,000. முதல் வேலை, 5 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகளையும் குழுக்களையும் கழிப்பது. இதை வெட்டுப்புள்ளி என்பார்கள். தாண்டியவை ஆறு: தேசிய மக்கள் சக்தி 80,830, இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327, அகில இலங்கை தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17-க்கு 27,855, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730. கூட்டினால் 2,40,241. சுமார் 85,000 வாக்குகள் இந்த முதல் படியிலேயே கணக்கைவிட்டு வெளியே போய்விட்டன. முதலிடம் வந்த கட்சி எடுத்ததைவிட அது அதிகம்.

அடுத்து போனஸ். மாவட்டத்தில் முதலிடம் வந்த கட்சிக்கு ஓர் ஆசனம் சும்மா கொடுக்கப்படும். அது தேசிய மக்கள் சக்திக்குப் போனது. மீதி 5. 2,40,241-ஐ 5-ஆல் வகுத்து, பின்னத்தை மேலே முழுமையாக்கினால் 48,049 வரும். ஓர் ஆசனத்தின் விலை அது. முழு விலை கொடுக்க முடிந்தவை இரண்டு கட்சிகள்தான். தேசிய மக்கள் சக்திக்கு 1, கையில் மிச்சம் 32,781. தமிழரசுக் கட்சிக்கு 1, மிச்சம் 15,278. மற்ற நால்வருக்கும் முழு ஆசனம் இல்லை, அவர்களின் மொத்த வாக்கும் மிச்சமாகவே நிற்கும்.

பாக்கி 3 ஆசனங்கள் மிச்சம் பெரிதாக உள்ளவர்களுக்கு வரிசையாகப் போகும்: 32,781 தேசிய மக்கள் சக்தி, 27,986 தமிழ்க் காங்கிரஸ், 27,855 சுயேச்சைக் குழு. முடிவு 3, 1, 1, 1. தமிழரசுக் கட்சி 63,327 வாக்குக்கு ஓர் ஆசனம் பெற்றது, சுயேச்சைக் குழு அதில் பாதிகூட இல்லாத வாக்குக்கு அதே ஓர் ஆசனத்தைப் பெற்றது. சட்டத்தில் எழுதியபடிதான் எல்லாம் நடந்திருக்கிறது. ஆனாலும் கேட்டவரின் உள்ளுணர்வு சரி: இது முழு விகிதாசாரம் இல்லை.

"அந்தப் போனஸ் ஆசனம் இல்லையெண்டா என்ன வந்திருக்கும்?"

அதே வாக்குகளை 6-ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆசனத்தின் விலை 40,041 ஆகும். தேசிய மக்கள் சக்தி இரண்டு ஆசனம் எடுத்துவிடும், மிச்சம் வெறும் 748. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, மிச்சம் 23,286. மீதி மூன்று ஆசனமும் தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு, தமிழரசுக் கட்சி என்று போகும். 2, 2, 1, 1. ஆக அந்த ஒரு விதி தமிழரசுக் கட்சியிடமிருந்து ஓர் ஆசனத்தை எடுத்து முதலிடக் கட்சியிடம் கொடுத்திருக்கிறது.

ஒரு மாவட்டத்தில் ஓர் ஆசனம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்தத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி, மட்டக்களப்பு தவிர 21 மாவட்டங்களில் முதலிடம் வந்தது. அதாவது 21 போனஸ் ஆசனங்கள். நாடு முழுக்கச் சுமார் 61.6 சதவீத வாக்குக்கு 225-இல் 159 ஆசனங்கள் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. என்னைக் கேட்டால், விகிதாசாரத்துக்குள் ஒளிந்திருக்கும் தொகுதி முறை என்றுதான் போனஸைச் சொல்வேன். முதலில் வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்கப்படுவது அது.

"விகிதாசாரத்திலை வாக்குப் பிரிஞ்சாலும் நட்டமில்லைத்தானே? கடைசியிலை எல்லாம் கூட்டுத்தொகைதானே?"

இல்லை. கூட்டுத்தொகை பார்ப்பது ஒரு பட்டியலுக்குள் மட்டும்தான். மேலே உள்ள யாழ்ப்பாணக் கணக்கிலேயே ஒரு சோதனை செய்யலாம். தமிழரசுக் கட்சியும் ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஒரே பட்டியலில் நின்று, இருவரின் வாக்கும் சிந்தாமல் வந்திருந்தால் 85,840. தேசிய மக்கள் சக்தியின் 80,830-ஐவிட அதிகம், எனவே போனஸ் கைமாறும். ஓர் ஆசனத்தின் விலை அதே 48,049. கூட்டுப் பட்டியல் போனஸ் ஒன்று, முழு விலைக்கு ஒன்று, பெரிய மிச்சத்துக்கு ஒன்று என மூன்று எடுக்கும். தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழ்க் காங்கிரஸுக்கு 1, சுயேச்சைக் குழுவுக்கு ஒன்றுமில்லை.

நிஜத்தில் இரண்டு கட்சி சேர்ந்தால் வாக்கு அப்படியே சேராது, சிலர் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். ஆனாலும் பிரிந்து நின்றதற்கு என்ன விலை என்பது இதில் தெரிகிறது. தமிழ்நாட்டில் தேர்தலுக்கு முன்பே கூட்டணி பேசி முடிப்பதும் இதே கணக்கால்தான். தொகுதி முறையில் அந்த நெருக்கடி இன்னும் கடுமை: 2016-இல் காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் 87 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

"5 சதவீதம் தாண்டினா ஆசனம் நிச்சயம்தானே?"

5 சதவீதம் பந்திக்கு உள்ளே விடும் வாசல்தான், இலை போடுவது வேறு கணக்கு. யாழ்ப்பாணத்தில் ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி ஏறத்தாழ 7 சதவீதம் வாங்கியும் ஆசனம் இல்லை. உண்மையான தடை, அந்த மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதில் இருக்கிறது. கொழும்புக்கு 18. போனஸ் போக 17-ஆக வகுத்தால், கணக்கில் எடுக்கும் வாக்கில் சுமார் 6 சதவீதத்துக்கே முழு ஆசனம் கிடைக்கும். திருகோணமலைக்கு 4. போனஸ் போக 3, எனவே முழு ஆசனத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத்தில் அதிர்ஷ்டம் அடிக்க வேண்டும்.

எந்த நாட்டு விகிதாசார முறையைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். ஓர் இடத்துக்கு ஆசனம் குறையக் குறைய அது தொகுதி முறை மாதிரி நடந்துகொள்ளும். ஒன்றாகவே குறைந்துவிட்டால் அதுவே தொகுதி முறை.

"கட்சிக்குத்தான் ஓட்டுன்னா, ஆளை யார் தேர்ந்தெடுக்கறது?"

இலங்கையில் வாக்காளர்தான். கட்சி தன் பட்டியலில் ஆசன எண்ணிக்கையைவிட மூன்று பேரைக் கூடுதலாக நிறுத்தும், யாழ்ப்பாணத்தில் 9 பேர். வாக்குச் சீட்டில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி. அப்புறம் அதே கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை, அவர்களின் இலக்கத்துக்கு மேல் புள்ளடி. இதுதான் விருப்பு வாக்கு. கட்சிக்கு மூன்று ஆசனம் கிடைத்தால் விருப்பு வாக்கில் முதல் மூன்று பேர் உள்ளே போவார்கள்.

இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் வரும். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார்களே, அது வேறு. நாடாளுமன்றத் தேர்தலின் மூன்று விருப்பு வாக்குகளுக்கும் ஒரே மதிப்பு, வரிசை கிடையாது. கட்சிக்குப் புள்ளடி போடாமல் வேட்பாளர் இலக்கத்தில் மட்டும் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். இந்த முறைக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. வேட்பாளரின் முதல் போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, தன் பட்டியலிலேயே பக்கத்தில் நிற்பவர். ஒரே கட்சிக்குள் சுவரொட்டி கிழிப்பும் சண்டையும் வருவது அதனால்தான்.

"சிறுபான்மையினருக்கு விகிதாசாரம்தான் நல்லது என்கிறார்கள். உண்மையா?"

அவர்கள் எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1977-இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு நாடளவில் 7 சதவீதத்துக்கும் குறைவான வாக்குதான். ஆனால் அது வடகிழக்கில் குவிந்திருந்ததால் 18 தொகுதிகளை வென்றது. சுமார் 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சியைவிட இருமடங்குக்கும் மேல். அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். குவிந்து வாழும் மக்களுக்குத் தொகுதி முறை கெடுதல் செய்வதில்லை, சில சமயம் வாக்குப் பங்குக்கு மேலேயும் கொடுக்கும்.

சிதறி வாழ்பவர்களுக்குக் கதை வேறு. கொழும்பு மாவட்டத் தமிழர்கள் ஒரே தொகுதியில் பெரும்பான்மையாக இருப்பதில்லை. ஆனால் மாவட்டம் முழுவதும் வாக்கைச் சேர்க்க முடியும்போது, மனோ கணேசன் போன்றவர்கள் அங்கிருந்து பலமுறை தெரிவாக முடிந்தது. எனவே இந்த வாதத்தை யாராவது எடுத்தால், எந்தச் சிறுபான்மை, எந்த மாவட்டம் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

"விகிதாச்சாரம் வந்தா ஆட்சி நிலைக்காதே? தினம் ஒரு கூட்டணி கவிழும்."

ஆபத்து இருக்கிறது, ஆனால் விதி அப்படி இல்லை. தொகுதி முறையிலேயே இந்திய மக்களவையில் 1989 முதல் 2014 வரை எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. விகிதாசார முறையிலேயே இலங்கையில் 2024-இல் ஒரே அணிக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. மக்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எந்த முறையும் அதைத் தடுக்காது. சாயாதபோது, தொகுதி முறை பெரும்பாலும் முதலிடக் கட்சிக்குப் பெரும்பான்மையைச் செயற்கையாக உண்டாக்கித் தரும், விகிதாசாரம் அதைச் செய்யாது. இந்திய அரசியலமைப்பை எழுதிய காலத்தில் அம்பேத்கர் விகிதாசாரத்தை எதிர்த்ததற்கு நிலையான ஆட்சி பற்றிய கவலை ஒரு காரணம், எழுத்தறிவு குறைவாக இருந்தது இன்னொன்று. இரண்டாவது காரணத்தின் பலம் இன்று குறைந்திருக்கிறது. முதலாவது இன்னும் விவாதிக்கத் தக்கது.

"2014 ஓட்டை விகிதாச்சாரத்துல போட்டா தி.மு.க.வுக்கு எத்தனை சீட் வந்திருக்கும்?"

மாநிலம் முழுவதையும் ஒரே இடமாக வைத்துப் பெருக்கினால் 39-இல் 24 சதவீதம், 9 வரும். அ.தி.மு.க.வுக்கு 37-க்குப் பதில் 17 அல்லது 18. ஆனால் இந்த எண்ணை நான் யாருக்கும் உறுதியாகச் சொல்வதில்லை. முறை மாறினால் வாக்கும் மாறும். 'ஜெயிக்க மாட்டார், ஓட்டு வீண்' என்று பிடித்த சின்னக் கட்சியை விட்டவர்கள் திரும்பி வருவார்கள். கூட்டணிக்காகத் தொகுதியை விட்டுக் கொடுத்த கட்சி எல்லா இடத்திலும் நிற்கும். நான் மேலே செய்த யாழ்ப்பாணச் சோதனைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விதி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைத்தான் அவை காட்டும்.

"அப்ப இந்தியாவுல விகிதாச்சாரமே கிடையாதா?"

உண்டு, ஆனால் பொது வாக்காளர் கையில் இல்லை. மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிப்பது விகிதாசார முறையில்தான். அங்கே பட்டியல் இல்லை, ஆட்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் 6 இடம் காலியானால் 234-ஐ 7-ஆல் வகுத்து, ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை என்று வரும். எதிர்க்கட்சியிடம் 34 பேர் இருந்தால் ஆளுங்கட்சியால் அந்த இடத்தைப் பறிக்க முடியாது.

"எங்க தொகுதிக்கு இவர்தான் எம்.பி.ன்னு ஒரு ஆள் வேணுமே. ரெண்டையும் கலக்க முடியாதா?"

முடியும், பல நாடுகள் செய்கின்றன. சிக்கல் ஒன்றுதான்: ஒரு கட்சி தன் வாக்குப் பங்குக்கு மேலாகத் தொகுதிகளை வென்றுவிட்டால் என்ன செய்வது? இலங்கை 2018 உள்ளூராட்சித் தேர்தலில் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல் என்று கலந்தது. அப்படிக் கூடுதலாக வென்ற வட்டாரங்களைப் பறிக்காமல் சபையைப் பெரிதாக்கினார்கள். ஏற்கெனவே கூட்டியிருந்த எண்ணிக்கையோடு இதுவும் சேர்ந்து நாட்டின் உள்ளூராட்சி உறுப்பினர்கள் 8,000-ஐத் தாண்டினார்கள்.

ஜெர்மனியும் முன்பு சபையைப் பெரிதாக்கித்தான் சமாளித்தது, 2021-இல் அது 736 பேர் வரை போனது. 2023-இல் சட்டத்தை மாற்றி 630 என்று பூட்டினார்கள். விளைவு, 2025 தேர்தலில் தங்கள் தொகுதியில் முதலிடம் வந்த 23 பேருக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை. கலப்பு முறை வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டில் எதைத் தாங்கிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"உறுப்பினர் ஒருத்தர் செத்துப்போனா அங்க இடைத்தேர்தல் நடக்குமா?"

இலங்கை நாடாளுமன்றத்துக்கு நடக்காது. அந்த மாவட்டத்தில் அதே பட்டியலில், விருப்பு வாக்கில் அடுத்து நின்றவர் உள்ளே வருவார். தேசியப் பட்டியல் இடம் என்றால் கட்சி ஒருவரைப் பெயர் குறிக்கும். ஆசனம் கட்சியின் வாக்குப் பங்கால் வந்தது, அதனால் ஆள் போனாலும் பங்கு போகாது. இந்தியாவில் அந்த ஆசனம் ஒரு தொகுதியின் தனி ஆளுக்குக் கொடுத்தது, எனவே வழக்கமாக ஆறு மாதத்துக்குள் அந்தத் தொகுதி மக்கள் மறுபடி வரிசையில் நிற்கிறார்கள்.